முதலிடத்தின் சரிவு

ஒரே தரத்தில் 20 விளம்பரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எதைக் காட்டினாலும் 100 பேரில் 2 பேர் கிளிக் செய்வார்கள். ஒவ்வொன்றையும் 1,000 பேருக்குக் காட்டினால் சராசரியாக 20 கிளிக் வர வேண்டும். ஆனால் தற்செயலாகவே ஒன்றுக்கு 13, இன்னொன்றுக்கு 28 என்று சிதறும். மாத இறுதியில் அந்த 28-ஐப் பார்த்துப் பணத்தையெல்லாம் அதில் கொட்டுகிறோம். அடுத்த மாதம் அது 20-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. விளம்பரம் கெட்டுப்போகவில்லை, போன மாத அதிர்ஷ்டம்தான் இம்முறை கூட வரவில்லை.

மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி நகர்வதை பிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதினார். இதுவும் அதே கணக்குதான்.

உண்மையில் விளம்பரங்களுக்குள் தர வேறுபாடும் உண்டு. அதனால் சரிவு பாதி வழியில் நின்றுவிடலாம். மக்கள் பார்த்துச் சலித்ததாலும் கிளிக் குறையலாம். இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கடைசி இடத்தில் இருந்த விளம்பரங்களையும் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். முதலிடம் இறங்கும்போது அவை ஏறினால், அங்கே தற்செயல் வேலை செய்திருக்கிறது. சலிப்பு எதையும் ஏற்றிவிடாது.

பிறகு, முதலில் வந்ததைப் புதிதாக 1,00,000 பேருக்குக் காட்டுங்கள். இப்போது சராசரி 2,000. தற்செயலான ஏற்ற இறக்கம் பெரும்பாலும் நூறுக்குள் அடங்கிவிடும். 2,300 வந்தால்கூட அந்த விளம்பரத்தை நம்பிப் பணம் போடலாம்.