38-ம் 21-ம்: ஒரு தந்தையின் மின்னஞ்சல்

எங்கள் நடுநிலைப் பள்ளியின் மின்னஞ்சலைத் திறந்தால் பெரும்பாலும் சுற்றறிக்கைகளும் படிவங்களும்தான் இருக்கும். பெற்றோர் யாரும் அதற்கு எழுதுவதில்லை. அதனால் அக்டோபரில், முதல் பருவ விடைத்தாள்களைக் கொடுத்து முடித்த வாரம், ஒரு தந்தையிடமிருந்து வந்த கடிதத்தை இருமுறை படித்தேன். அவர் வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். அவருடைய ஒப்புதலுடன், பெயர்களை நீக்கி அதை இங்கே தருகிறேன்.

பொருள்: 6-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பயிலும் என் மகளின் கணிதம் குறித்துப் பேச நேரம் கோருதல்.

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கு வணக்கம். என் மகள் முதல் பருவக் கணிதத்தில் வளரறி மதிப்பீட்டில் 40-க்கு 38-ம், தொகுத்தறி மதிப்பீட்டில் 60-க்கு 21-ம் பெற்றிருக்கிறாள். வீட்டில் கூட்டல், பெருக்கல், வகுத்தல் எதைக் கொடுத்தாலும் போடுகிறாள். ஆனால் கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால், ‘இதைப் பெருக்கணுமாப்பா, வகுக்கணுமா?’ என்று கேட்கிறாள். கணக்கு ஆசிரியர் நன்றாகச் சொல்லித் தருவதாக அவளே சொல்வாள். இது புகார் இல்லை. வீட்டில் நாங்கள் எப்படி உதவுவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த வாரமும் அடுத்த வாரமும் எனக்குக் காலை ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் வர முடியும். தாங்களும் கணக்கு ஆசிரியரும் 20 நிமிடம் ஒதுக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.”

அவ்வளவுதான் கடிதம். இதில் மூன்று செய்திகள் தனித்தனியாக இருக்கின்றன. கண்ணால் கண்டது ஒன்று: இரண்டு மதிப்பெண்கள், மகள் கேட்ட ஒரு கேள்வி. வேண்டுவது இரண்டாவது: வீட்டில் உதவும் வழி. மூன்றாவது, வரக்கூடிய நாளும் நேரமும். காரணம் இதுதான் என்று அவர் எதையும் முடிவு செய்யவில்லை. ‘பிள்ளைக்குக் கவனம் போதாது’, ‘பள்ளியில் சரியாகச் சொல்லித் தருவதில்லை’ என்பவை தீர்ப்புகள். அப்படி எழுதியிருந்தால் அதற்கு மறுப்புதான் சொல்லியிருப்போம். மகள் கேட்ட கேள்வியை அப்படியே எழுதியதால், காரணத்தைத் தேட வேண்டியவர்கள் நாங்கள் ஆனோம்.

இதில் நான் முன்பு ஒருமுறை தவறியிருக்கிறேன். வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது, ஒரு தாய் எழுதிய கடிதத்தை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, “பாருங்க, புகார் வந்திருக்கு” என்றேன். மறுநாள் வகுப்பில் அந்தப் பையன் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அந்தத் தாய் அதன்பின் எழுதவே இல்லை. அதனால் இம்முறை கணக்கு ஆசிரியரிடம் கடிதத்தை முழுவதும் படிக்கக் கொடுத்தேன். அவர் முகம் முதலில் மாறத்தான் செய்தது. “38 போட்டதைக் குத்திக் காட்டுறாரா டீச்சர்?” என்றார். “அப்படி இல்லை சார், 38-ம் 21-ம் எப்படி ஒரே பிள்ளைக்கு வந்தது என்று நாமே பார்த்துவிடுவோம்” என்றேன்.

அன்றே தந்தைக்குப் பதில் அனுப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை மாலை 4.15 மணி, நானும் கணக்கு ஆசிரியரும் இருப்போம், விடைத்தாளை எடுத்து வைத்திருப்போம், மகளின் வீட்டுக் கணக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள், கடைசிப் பத்து நிமிடம் மகளும் உடனிருக்கட்டும். நான்கே வரிகள்தான். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்று தொலைபேசியில் சொல்லியிருந்தால் இந்த ஆயத்தம் எதுவும் நடந்திருக்காது.

விடைத்தாளில் இழந்த 39 மதிப்பெண்களை ஆசிரியர் வகை பிரித்தார். கணக்கிடும்போது நேர்ந்த பிழையால் போனவை 6. தொடாமல் விட்டவை 9. மீதி 24-ம் வாக்கியக் கணக்குகளில், தவறான செயலைத் தேர்ந்ததால் போனவை. ‘ஒரு பெட்டியில் 24 மாம்பழங்கள், 15 பெட்டிகளில் எத்தனை?’ என்பதற்கு 24-ஐ 15-ஆல் வகுக்க முயன்றிருந்தாள்.

அடுத்து, மாணவியை அழைத்து ஒரு கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொன்னோம். தடுமாறாமல் படித்தாள். வாசிப்பில் குறையில்லை. படித்து முடித்ததும், “இது எந்தப் பாடத்துக் கணக்கு சார்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் எங்களுக்கு விடை கிடைத்தது. வளரறி மதிப்பீட்டுக்கான சிறுதேர்வை ஒரு பாடம் முடிந்த கையோடு வைக்கிறோம். ஓரலகு முறை நடத்தி முடித்த மறுநாள், ‘5 நோட்டுகள் 75 ரூபாய், 8 நோட்டுகள் எவ்வளவு?’ என்று கேட்டால், பிள்ளை கேள்வியைப் படிக்கவே வேண்டாம். முதல் எண்ணால் வகுத்து, கடைசி எண்ணால் பெருக்கினால் 120 ரூபாய் வந்துவிடும். அன்றைய கணக்குகள் எல்லாமே அதே வகைதான். பருவத் தேர்வில் எல்லாப் பாடங்களும் கலந்து வருகின்றன. எந்தச் செயல் என்பதை அங்கே அவளே தேர வேண்டும்; அதற்கு அவளுக்குப் பயிற்சியே கிடைக்கவில்லை. 38 பொய்யான மதிப்பெண் அல்ல. சொல்லிக்கொடுத்த முறையைச் செய்யத் தெரியும் என்பதை அது காட்டியது. எப்போது செய்வது என்பதை 21 கேட்டது.

சந்திப்பில் முதலில் தந்தையைப் பேசவிட்டோம். பிறகு ஆசிரியரே விடைத்தாளைப் பிரித்து, 24, 9, 6 என்ற கணக்கைக் காட்டினார். “என் சிறுதேர்வுகள் ஒரே மாதிரிக் கணக்குகளாக இருந்துவிட்டன” என்று அவர் சொன்னபோது அறையில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. மகள் வந்ததும் மூன்று முடிவுகளை எடுத்தோம். தினமும் ஐந்து கலவையான வாக்கியக் கணக்குகள். விடை காண வேண்டாம், என்ன செயல், ஏன் என்று மட்டும் எழுத வேண்டும். இரவு தந்தை தொலைபேசியில் அழைக்கும்போது, அவற்றில் ஒன்றை எண்களே இல்லாமல் கதையாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர் இனி ஒவ்வொரு சிறுதேர்விலும் பழைய பாடங்களிலிருந்து இரண்டு கணக்குகளைச் சேர்ப்பார். இவற்றை அன்று மாலையே தந்தைக்கு மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன்.

அடுத்த சிறுதேர்வில் வகுப்பில் பலருடைய மதிப்பெண் இறங்கியது. இதே இடத்தில் தடுக்கி நின்ற பிள்ளைகள் மேலும் பதினொரு பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களுக்கும் அதே ஐந்து கணக்குப் பயிற்சியைக் கொடுத்தோம். இரண்டாம் பருவத்தில் அந்த மாணவி 60-க்கு 34 எடுத்தாள். இரண்டு படிகள் உள்ள கணக்குகளில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் ‘எந்தப் பாடம்?’ என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்தப் பதினொரு பேரின் வீட்டிலிருந்து மின்னஞ்சல் வரவில்லை, வரப்போவதும் இல்லை. அவர்களின் பெற்றோர் பள்ளி வாசலில் நின்று, “பிள்ளை நல்லாப் படிக்குதா டீச்சர்?” என்று கேட்பார்கள். “படிக்கிறாள், வீட்டிலும் கவனியுங்கள்” என்று இத்தனை ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தத் தந்தையின் கடிதத்தில் இருந்தவற்றையே கேள்விகளாகக் கேட்கிறேன்: எந்தப் பாடத்தில் சந்தேகம்? வீட்டில் என்ன பார்த்தீர்கள், பிள்ளை என்ன கேட்டது? என்றைக்கு, எத்தனை மணிக்கு வர முடியும்? சொல்வதை ஒரு நோட்டில் அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்கிறேன். சென்ற வாரம் ஒரு பாட்டி சொன்னது: “சத்தம் போட்டுப் படிச்சா படிக்கிறான்மா, வாயை மூடிப் படிக்கச் சொன்னா பக்கத்தைத்தான் புரட்டுறான்.” 4-ஆம் வகுப்பு ஆசிரியரிடம் அதை அப்படியே காட்டியிருக்கிறேன். புதன்கிழமை அவரை வரச் சொல்லியிருக்கிறோம்.