காளை எட்டிய உயரம், கரடி இழுத்த ஆழம்

ஏறுமுகத்தில் இருக்கும் பங்கு இரண்டு நாள் சறுக்கினால் ஒரே கேள்விதான் எழும்: இது சிறிய இளைப்பாறலா, போக்கே திரும்பிவிட்டதா? இதற்கு விடை தேட, அலெக்சாண்டர் எல்டர் 1989இல் ஒரு அளவுகோலை உருவாக்கினார். சோவியத் யூனியனிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய மனநல மருத்துவர் அவர். சந்தையைக் கூட்ட மனநிலையாகப் பார்த்த அவருக்கு, வாங்குவோர் விற்போர் இருதரப்பின் பலத்தையும் தனித்தனியே அளக்க வேண்டியிருந்தது.

அளக்க முதலில் ஒரு நடுக்கோடு வேண்டும். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 13 நாள் எக்ஸ்போனென்ஷியல் சராசரி, சுருக்கமாக இ.எம்.ஏ. சாதாரண சராசரியில் எல்லா நாளுக்கும் ஒரே மதிப்பு. இதில் அண்மை நாள்களுக்குக் கூடுதல் மதிப்பு. கணக்கு எளிது. இன்றைய முடிவு விலைக்கும் நேற்றைய இ.எம்.ஏ.வுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏழில் ஒரு பங்கை நேற்றைய இ.எம்.ஏ.வுடன் கூட்ட வேண்டும். அந்தப் பங்குக்கு என்ன விலை தகும் என்று சந்தை பொதுவாக ஒப்புக்கொண்ட மட்டம் அது என்பது எல்டரின் கருத்து.

அன்றைய உச்ச விலையிலிருந்து இந்த இ.எம்.ஏ.வைக் கழித்தால் கிடைப்பது காளை பலம். வாங்குவோர் முழு மூச்சாக எவ்வளவு மேலே தள்ளினார்கள் என்பதை அது சொல்லும். குறைந்தபட்ச விலையிலிருந்து கழித்தால் கரடி பலம். வழக்கமாக முன்னது பிளஸ், பின்னது மைனஸ்.

ஒரு கற்பனைப் பங்கைப் பார்ப்போம். நேற்று முடிவு விலை 514 ரூபாய், இ.எம்.ஏ. 500. இன்று உச்சம் 510, தாழ்வு 494, முடிவு 507. வித்தியாசம் 7, அதில் ஏழில் ஒன்று 1, ஆக இ.எம்.ஏ. 501. காளை பலம் 9, கரடி பலம் மைனஸ் 7. மறுநாள் உச்சம் 512, தாழ்வு 498, முடிவு 508. இ.எம்.ஏ. 502, கரடி பலம் மைனஸ் 4. விலை சறுக்கியும் இ.எம்.ஏ. ஏறிக்கொண்டே இருக்கிறது, கரடியின் இழுப்போ 7 ரூபாயிலிருந்து 4 ரூபாயாகக் குறைந்துவிட்டது. எல்டர் காத்திருக்கச் சொன்னது இந்தச் சேர்க்கைக்குத்தான்: இ.எம்.ஏ. ஏறுமுகம், கரடி பலம் மைனஸில் இருந்தபடியே பூஜ்யத்தை நோக்கி ஏறுவது. கரடி பலம் பிளஸ் ஆகிவிட்டால், அன்றைய தாழ்வே சராசரிக்கு மேலே இருக்கிறது என்று பொருள். அப்போது வாங்குபவர் தாமதமாக, கூடுதல் விலைக்கு வாங்குகிறார். இறங்குமுகத்தில் இதே கணக்கைக் காளை பலத்துக்குத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு குறை உண்டு. 4 ரூபாய் இழுப்பு நூறு பங்கு கைமாறியதில் வந்ததா, லட்சம் பங்கிலா என்று தெரியாது. அந்த இடத்தை ஃபோர்ஸ் இண்டெக்ஸ் நிரப்புகிறது. இன்றைய முடிவு விலையில் நேற்றைய முடிவைக் கழித்து, வால்யூமால் பெருக்க வேண்டும். நம் பங்கில் முதல் நாள் 7 ரூபாய் இறக்கம், ஒரு லட்சம் பங்குகள்: மைனஸ் 7 லட்சம். மறுநாள் 1 ரூபாய் ஏற்றம், 80,000 பங்குகள்: பிளஸ் 80,000. இதையும் 2 நாள் இ.எம்.ஏ.வாக்கிப் பார்ப்பது வழக்கம். அதற்கு முந்தைய நாள் அளவு பிளஸ் 2 லட்சம் என்று கொண்டால், முதல் நாள் மைனஸ் 4 லட்சம், மறுநாள் மைனஸ் 80,000. விற்பனை அழுத்தம் வடிவது இரண்டு அளவிலும் தெரிகிறது.

அதற்காக உடனே வாங்கிவிடக் கூடாது. 512 என்ற உச்சத்தைத் தாண்டி 513இல் வாங்க ஆர்டர் போட்டு வைக்கலாம். விலை அங்கே வராவிட்டால் வாங்கவே தேவையில்லை. ஸ்டாப் லாஸ் 494க்குக் கீழே 493. பங்குக்கு 20 ரூபாய் ரிஸ்க். ஒரே வர்த்தகத்தில் முதலில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்பது எல்டரின் விதி. ஒரு லட்ச ரூபாய் வைத்திருப்பவருக்கு அது 2,000 ரூபாய், ஆக 100 பங்குகளுக்கு மேல் வேண்டாம்.

பக்கவாட்டில் நகரும் சந்தையில் இ.எம்.ஏ. படுத்துவிடும், அப்போது இந்த அளவுகள் மாறி மாறி ஏமாற்றும். எக்செலில் சொந்தமாகக் கணக்குப் போடுபவர்கள் போனஸ், ஸ்ப்ளிட் தேதிகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று போனஸில் 500 ரூபாய் பங்கு 250 ஆகும்போது, பழைய விலைகளைத் திருத்தாவிட்டால் யாரும் விற்காமலேயே கரடி பலமும் ஃபோர்ஸ் இண்டெக்ஸும் பாதாளத்துக்குப் போகும்.

நம் சந்தையில் இன்னொரு பொறி, அப்பர் சர்க்யூட். வாங்க வரிசை நிற்கும், விற்க ஆளிருக்காது, வால்யூம் சில நூறு பங்குகளோடு நின்றுவிடும். காளைகளின் பிடி உச்சத்தில் இருக்கும் அந்த நாளில்தான் ஃபோர்ஸ் இண்டெக்ஸ் மிகச் சிறிய எண்ணைக் காட்டும். அப்படிப்பட்ட பங்குகளுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தாமல் விடுவதே சரி.