மூன்று மா நாற்பது குழி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரம் எதை எடுத்தாலும், சொத்து விவரத்தில் ஏக்கரைவிட மாவும் குழியும்தான் அதிகம் கண்ணில் படும். ‘நஞ்சை மூன்று மா நாற்பது குழி’ என்று எழுதி, அதன் கீழே நான்கெல்லை சொல்லியிருப்பார்கள். அதே நிலத்தின் பட்டாவை இன்று எடுத்துப் பார்த்தால் மாவும் இருக்காது, குழியும் இருக்காது. பரப்பு என்ற தலைப்பின் கீழ் ‘0 - 45.50’ என்று ஒரு எண் மட்டும் நிற்கும். இரண்டும் ஒரே நிலம்தானா? நடுவில் எங்காவது நாலு குழி காணாமல் போயிருக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ள சர்வேயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல் போதும். ஆனால் எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

டெல்டாவின் கணக்கு பன்னிரண்டு அடிக் கோலில் தொடங்குகிறது. நீளம் ஒரு கோல், அகலம் ஒரு கோல் உள்ள சதுரம் ஒரு குழி. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆக ஒரு மா 14,400 சதுர அடி, ஒரு வேலி 2,88,000 சதுர அடி.

இனி மீட்டர். ஒரு சதுர அடி என்பது 0.092903 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் ஒரு குழி 13.378 சதுர மீட்டர், ஒரு மா 1,337.8 சதுர மீட்டர், ஒரு வேலி 26,756 சதுர மீட்டர். வேலியை ஹெக்டேரில் சொன்னால் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த மூன்றில் குழியின் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றது தானாக வரும். தசமத்தை மட்டும் அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாது. 0.0929 என்று நிறுத்தினால் ஒரு வேலிக்கு ஒரு சதுர மீட்டர்கூட வித்தியாசம் வராது. 0.093 என்று சுருக்கினால் அதே வேலியில் இல்லாத இரண்டு குழி முளைத்துவிடும். முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு தடவை செய்ய வேண்டும்.

நம் பத்திரத்துக்கு வருவோம். மூன்று மா நாற்பது குழி என்றால் 340 குழி. அதை 144 ஆல் பெருக்கினால் 48,960 சதுர அடி. அதை 0.092903 ஆல் பெருக்கினால் 4,548.5 சதுர மீட்டர். நூறு சதுர மீட்டர் ஒரு ஏர், எனவே 45.49 ஏர். பட்டாவில் இருப்பது 45.50. நிலம் அப்படியே இருக்கிறது.

அந்த .50 தற்செயலாக வந்ததல்ல. நம் ஊர் நிலப் பதிவேடுகள் மீட்டர் கணக்குக்கு மாறியது பெரும்பாலும் 1980களில், ஊரார் வாயில் யு.டி.ஆர். என்று வழங்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது. பல கிராமப் பட்டாக்களைப் புரட்டினால் ஏரின் பின்பகுதி .00 அல்லது .50 என்றே முடிவதைப் பார்க்கலாம். அரை ஏர் என்பது 50 சதுர மீட்டர், அதாவது மூன்றே முக்கால் குழி. அப்படி முடியும் பட்டாவில், பத்திரக் கணக்குக்கும் பட்டாவுக்கும் இரண்டு குழிக்குள் வித்தியாசம் இருந்தால் பக்கத்து வயல்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இதே கணக்கை ஊர்ப் பெரியவர்கள் வேறு வழியில் நொடியில் போடுவார்கள். மூன்று குழி ஒரு செண்ட், மூன்று மா ஒரு ஏக்கர். மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்று பேசவும், குத்தகை முடிக்கவும் இது தாராளமாகப் போதும். பத்திரத்தில் எழுதத்தான் போதாது. ஏனென்றால் செண்ட் பிறந்த இடம் வேறு. வெள்ளைக்காரன் காலத்து சர்வேயில் அளந்தது 66 அடிச் சங்கிலியால். அதில் நூறு லிங்க். ஆயிரம் சதுர லிங்க்தான் ஒரு செண்ட், அடியில் சொன்னால் 435.6 சதுர அடி. மூன்று குழியோ 432 சதுர அடி. கோலும் சங்கிலியும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துப் பிறந்தவை அல்ல. ஏறக்குறைய ஒத்துப்போனது நம் அதிர்ஷ்டம்.

மூன்றரை சதுர அடி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நம் 340 குழியை மூன்றால் வகுத்து 113.33 செண்ட் என்று எழுதி, அதை மீட்டருக்கு மாற்றினால் 4,586 சதுர மீட்டர் வருகிறது. உண்மையைவிட 38 சதுர மீட்டர் அதிகம், கிட்டத்தட்ட மூன்று குழி. ஒரு வேலியில் இது 2,400 சதுர அடியாகிவிடும். சென்னைக்காரர்களுக்கு அது ஒரு முழு கிரவுண்டு! விற்பவர் பத்திரத்தில் இல்லாத நிலத்தை எழுதிக் கொடுக்கிறார், வாங்குபவர் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். குழியிலிருந்து நேராகச் சதுர அடிக்கும், அங்கிருந்து சதுர மீட்டருக்கும் போக வேண்டும்; நடுவில் செண்டில் இறங்கி ஏறக் கூடாது.

இதுவரை சொன்னது எல்லாம் பன்னிரண்டு அடிக் கோல் புழங்கிய ஊர்களுக்கு. குழி என்ற பெயர் ஒன்றுதான், அளவு ஊருக்கு ஊர் மாறும். புதுச்சேரியில் குழி என்றால் 576 சதுர அடி, அதாவது இருபத்துநாலு அடிக்கு இருபத்துநாலு அடி. நம் குழியைப் போல நான்கு மடங்கு, 53.5 சதுர மீட்டர். அங்கே நூறு குழி சேர்ந்தால் அது மா அல்ல, காணி. 57,600 சதுர அடி, ஏக்கரில் 1.32. செங்கல்பட்டு வட்டாரத்தின் பழைய காணியும் இதே அளவுதான். அதே புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட காரைக்கால், டெல்டாவுக்குள் இருப்பதால் 144 சதுர அடிக் குழியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கருவிகளில் குழி என்று தட்டினால் ஏதோ ஒரு விடை வரும். எந்த ஊர்க் குழி என்று அது நம்மைக் கேட்பதில்லை.

சோழர் காலத்தில் இதைவிடச் சிக்கல். எந்தக் கோலால் அளந்தது என்று கல்வெட்டிலேயே சொல்லிவிடுவார்கள். பதினாறு சாண் கோல் ஒரு இடம், பன்னிரண்டு சாண் கோல் இன்னொரு இடம். சில கோயில் சுவர்களில் கோலின் நீளத்தையே கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கோலைச் சொல்லாமல் குழியைச் சொல்வதில் அர்த்தமில்லை என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பத்திரத்தில் கோல் பற்றி ஒன்றும் இல்லையென்றால் என்ன செய்வது? கணக்கைத் திருப்பிப் போட்டால் பதில் கிடைக்கும். பட்டாவின் பரப்பைச் சதுர மீட்டராக்கி, பத்திரத்தில் உள்ள குழியால் வகுக்க வேண்டும். 4,550ஐ 340ஆல் வகுத்தால் 13.38. பதின்மூன்றரைக்குப் பக்கத்தில் வந்தால் பன்னிரண்டு அடிக் கோல். பத்திரத்தில் 85 குழி என்று மட்டும் இருந்து, வகுத்தால் 53.5 வந்தால் இருபத்துநாலு அடிக் கோல். ஒரு சர்வே எண்ணில் சந்தேகம் இருந்தால் அதே பத்திரத்தில் உள்ள அடுத்த எண்ணையும் வகுத்துப் பார்க்கலாம். ஒரே ஊரில், ஒரே பத்திரத்தில் கோல் மாறியிருக்க வாய்ப்பு குறைவு.

இரண்டுக்கும் ஒத்துவராத எண் வந்தால் அங்கேதான் கவனிக்க வேண்டும். பட்டாவில் 0 - 41.00 என்று இருந்தால் வகுத்து வருவது 12.06. அப்படி ஒரு குழி கிடையாது. சுமார் 33 குழி எங்கோ போயிருக்கிறது. இடையில் அப்பாவோ தாத்தாவோ ஒரு துண்டை விற்றிருக்கலாம். வாய்க்காலுக்கோ சாலைக்கோ அரசு எடுத்திருக்கலாம். உட்பிரிவு செய்தபோது ஒரு துண்டு வேறு பட்டாவில் போய் உட்கார்ந்திருக்கலாம். வில்லங்கச் சான்றையும் ‘அ’ பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். பழைய சர்வே எண்ணுக்கு இன்றைய எண் எது என்பதும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும்.

காணி என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் உண்டு. டெல்டாவின் மிகப் பழைய ஆவணங்களில் ‘இருமா முக்காணி’ என்பது போல வரும். செங்கல்பட்டுக் காணியை நினைத்துக்கொண்டு மூன்று காணி நாலு ஏக்கராயிற்றே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இங்கே காணி என்பது பழைய பின்னக் கணக்கின் எண்பதில் ஒன்று. மா என்பது இருபதில் ஒன்று. எதில் பின்னம் என்றால் வேலியில். வேலிக்கு 2,000 குழி என்பதால் ஒரு காணி வெறும் 25 குழி. இருமா 200, முக்காணி 75, ஆகமொத்தம் 275 குழி. சதுர மீட்டரில் 3,679, பட்டாக் கணக்கில் 36.79 ஏர். ‘முந்திரி’ என்று வந்தால் அது முன்னூற்றிருபதில் ஒன்று, ஆறேகால் குழி.

மாற்றுவதெல்லாம் சரியாக மாற்றிவிட்டு, பட்டாவைப் படிப்பதில் கோட்டைவிடுபவர்களும் உண்டு. ‘0 - 45.50’ல் முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். இதை நாற்பத்தைந்தரை செண்ட் என்று வாசித்து, ஒரு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அரை ஏக்கருக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். ஒரு ஏர் என்பது 2.47 செண்ட். பத்திரங்களில் இதையே ‘0.45.5’ என்று இரண்டு புள்ளி வைத்து எழுதுவதும் உண்டு. அதற்கும் பொருள் ஒன்றுதான். ‘0 - 04.50’ என்பதில் நடுவில் உள்ள சுழியைத் தட்டச்சு செய்பவர் விட்டுவிட்டாலோ, பத்து மடங்கு நிலம் ஆவணத்தில் ஏறிவிடும். பிறகு அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும்.

புதிதாகப் பத்திரம் எழுதும்போது இரண்டு அளவையும் போடுவதே நல்லது: ‘நஞ்சை 0.45.5 ஏர், இதற்குப் பழைய அளவு 3 மா 40 குழி’. முதலில் பட்டாவில் உள்ள எண், அப்படியே, அரை ஏர்கூட மாறாமல். அதன் பிறகு தாய்ப் பத்திரத்தின் குழி. நான்கெல்லையையும் விட்டுவிடக் கூடாது. வழக்கு என்று வந்தால், எல்லை தெளிவாக இருக்கும்போது நீதிமன்றங்கள் பொதுவாக அதற்குத்தான் பரப்பைவிட அதிக மதிப்புக் கொடுக்கின்றன. வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஏரை நூறால் பெருக்கிக் குழியால் வகுத்துப் பார்த்துவிடலாம். 13.4ஐ ஒட்டி வரவில்லையென்றால் அன்றைக்குப் பதிவு வேண்டாம்.