அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

"ஒரிஜினல் இங்கிலீஷ் வில்லோ, கிரேடு 1, இரண்டு மேட்ச் மட்டுமே ஆடியது, அவசர விற்பனை." கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, பெயர்பெற்ற கம்பெனியின் ஸ்டிக்கரோடு ஒரு பேட் இப்படி விளம்பரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு போட்டோக்கள் இருக்கின்றன. பேட்டைக் கையில் வாங்கிப் பார்க்க வழியில்லை. போலிதானா என்று இந்தப் போட்டோக்களை வைத்தே எவ்வளவு தூரம் சொல்ல முடியும்?

முதல் போட்டோவில் பளிச்சென்று தெரிவது ஸ்டிக்கர்தான். சாட்சி சொல்வதில் கடைசி இடமும் அதற்குத்தான். பழைய பேட்டைப் புதுப்பிப்பதற்கென்றே ஸ்டிக்கர் செட்டுகள் தனியாக விற்கின்றன. நல்ல செட் ஒன்றை ஒட்டினால் எந்தப் பேட்டும் பெரிய கம்பெனிப் பேட் ஆகிவிடும். அதனால் ஸ்டிக்கர் சரியாக இருப்பதால் பேட் அசல் என்று ஆகாது. தப்பாக இருந்தால் மட்டும் சந்தேகப்படலாம். போட்டோவைப் பெரிதாக்கி, எழுத்தின் ஓரம் மங்கிக் கலைகிறதா, எழுத்துகளுக்கிடையே இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் அதே மாடலின் படத்தைத் திறந்து, லோகோ எந்த இடத்தில், எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். இங்கிலீஷ் வில்லோவில் வராத மாடலின் பெயரோடு "இங்கிலீஷ் வில்லோ" என்று அச்சிட்டிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்தது.

கிரிப்பும் அப்படித்தான். ஆடுபவர்கள் தேய்ந்ததும் மாற்றிவிடுவார்கள். வேறு கம்பெனி கிரிப் இருப்பது குற்றமில்லை. கம்பெனி பெயர் போட்ட கிரிப் இருப்பது ஆதாரமும் இல்லை. கிரிப் முடியும் இடத்துக்குக் கீழேதான் நமக்கு வேலை. பிரம்பால் செய்த கைப்பிடி பிளேடுக்குள் ஆப்பு மாதிரி இறங்கும் இடத்தில் V வடிவ இணைப்பு தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த இடத்தைத் தடிமனான டேப்போ ஸ்டிக்கரோ மூடியிருந்தால், அதை எடுத்துவிட்டு ஒரு போட்டோ கேளுங்கள்.

இனி மரம். பிளேடின் முகத்தில் நீளவாக்கில் ஓடும் கோடுகளைத்தான் கிரெயின் என்கிறோம். ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய மரத்தின் ஒரு வருட வளர்ச்சி. மரம் ஒரு வருடம் அதிகம் வளரும், ஒரு வருடம் குறைவாக வளரும். ஆகவே கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி அளந்து வைத்ததுபோல் ஒரே மாதிரி இருக்காது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருந்தால், வரைந்ததாகவோ அச்சிட்டதாகவோ இருக்கலாம்.

இதை உறுதி செய்ய அடிப்பக்கம் உதவும். கிரெயின் மேற்பரப்பில் மட்டும் இருப்பதில்லை, மரத்துக்குள்ளும் ஓடுகிறது. அசல் பேட்டைத் தலைகீழாக நிறுத்தி அடியைப் பார்த்தால், முகத்தில் உள்ள கோடுகள் அப்படியே மடங்கி அடிப்பரப்பைக் கடந்து பின்பக்கம் போவதைக் காணலாம். வரைந்த கோடு விளிம்பிலேயே நின்றுவிடும், அல்லது அடியில் உள்ள கோட்டோடு பொருந்தாது.

இங்கேதான் டோ கார்டு குறுக்கே வருகிறது. ஈரம் ஏறாமலும் அடி உடையாமலும் காக்க ஒட்டும் ரப்பர்தான் அது. அசல் பேட்டுகளிலும் இருக்கும் என்பதால் அது இருப்பதே தவறில்லை. ஆனால் பசை வழிந்து, ஓரம் கோணலாக வெட்டப்பட்டு, முகத்திலும் பின்பக்கத்திலும் தாராளமாக ஏறி நின்றால், பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். ஏன் ஒட்டினார்கள் என்று விற்பவரிடம் கேட்கலாம்.

கோடுகள் பொருந்தினாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. காஷ்மீர் வில்லோவுக்கும் உண்மையான கிரெயின் உண்டு. அது பெரும்பாலும் பழுப்பு கலந்த நிறம். வெளுக்க வைத்து இங்கிலீஷ் வில்லோ என்று விற்பதுண்டு. அப்போது பந்து பட்ட பள்ளங்களையும் கீறல்களையும் பாருங்கள். பழகிய அசல் பேட்டின் மேற்பரப்பு எண்ணெயிலும் வெயிலிலும் மஞ்சளேறியிருக்கும், கீறலுக்குள் மரம் வெளிறித் தெரியும். வெளுத்த பேட்டில் இது தலைகீழ்: மேலே வெள்ளை, கீறலுக்குள் பழுப்பு. அதே சமயம், ஒரு பக்க ஓரமாக ஓடும் பழுப்புப் பட்டையைக் கண்டு மிரள வேண்டாம். அது மரத்தின் வைரப்பகுதி. அசல் இங்கிலீஷ் வில்லோவிலும் சாதாரணமாக வரும்.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: பகல் வெளிச்சத்தில் அடிப்பக்கம், கிரிப்புக்குக் கீழே V இணைப்பு, பந்து பட்ட இடத்தின் குளோசப். பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். வேறெங்கிருந்தோ எடுத்த போட்டோ என்றால் அதில் மாட்டும். எடை, பேட் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, பந்து பட்டால் வரும் சத்தம் ஆகியவற்றை எந்தப் போட்டோவும் சொல்லாது. மூன்று போட்டோவும் திருப்தி தந்தாலும், நேரில் தட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அடியைப் படம் எடுக்கவே மறுப்பவரிடம் விலை பேச வேண்டியதில்லை.