கட்டபொம்மன் பாடத்தைக் கேட்பது எப்படி?

சமூக அறிவியல் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை நீட்டி, "அம்மா, கேளுங்க" என்கிறது. பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றேதான். பாடத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, 'சரியான விடையைத் தேர்வு செய்க' பகுதியை முதல் வினாவிலிருந்து வரிசையாகக் கேட்கிறோம். நான்கு விடைகளையும் நாமே வாசித்துக் காட்டுகிறோம். பிள்ளை டக்கென்று ஒன்றைச் சொல்கிறது. தப்பினால், "காலையிலேர்ந்து என்னத்தைப் படிச்சே?"

இதில் அந்தக் கடைசி வசவு மட்டும்தான் குறை என்று நினைக்கிறோம். கேட்கும் முறையிலேயே குறை இருக்கிறது. நான்கு விடைகளைக் காதில் போட்டால், பழகிய பெயரை அடையாளம் காண்பதோடு மூளையின் வேலை முடிந்துவிடும். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்களில் அந்தப் பெயரை யாரும் நீட்டமாட்டார்கள்; பிள்ளைதான் உள்ளேயிருந்து எடுத்துவர வேண்டும். போதாததற்கு, வரிசை மாறாமல் கேட்டால் 'மூணாவது கேள்விக்கு பானர்மேன்' என்று இடம் பார்த்தே சொல்லிவிடும். கேள்விகளைக் கலைத்துக் கேட்டதும் திணறுகிறதா? அப்படியென்றால் அது நினைவில் வைத்திருப்பது வரிசையை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்ததும் தாளை மூடிவிட்டு, நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து எழுதியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. தேடி எடுப்பதால்தான் நினைவு இறுகுகிறது. வீட்டில் நாம் கேட்பதும் அதற்குத்தான். அது மதிப்பெண் போடும் வேலையே அல்ல என்பதைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டாலே வீட்டில் பாதிச் சூடு தணிந்துவிடும். பத்துக்கு எத்தனை என்று எண்ணவேண்டிய அவசியமே இல்லை.

கட்டபொம்மன் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகம் உங்கள் மடியில், பிள்ளை கையில் ஒரு ரஃப் தாள். "கட்டபொம்மனைப் பத்தி ஞாபகம் வர்றதையெல்லாம் எழுதும்மா, வரிசையெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு இதுதான் கஷ்டமான ஐந்து நிமிடம். பிள்ளை 'பாஞ்சாலங்குறிச்சி, வரி கட்டலை, ஜாக்சன், கயத்தாறு, தூக்கு, 1799' என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாராட்டு மழையும் வேண்டாம், சலிப்பும் வேண்டாம். எழுதியவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை மட்டும் கேளுங்கள்.

"ஜாக்சன் அவரை எங்கே வரச்சொன்னார்?" இராமநாதபுரம், சரி. "அங்கே என்ன ஆச்சு?" கைகலப்பு, சரி. "கோட்டை விழுந்தப்புறம் தப்பிப்போனாரே, யார் பிடிச்சுக் கொடுத்தது?" பதில் வரவில்லை.

இங்கே ஒரு பத்து நொடி காத்திருங்கள். காத்திருப்பவர்கள் குறைவு, இரண்டாவது நொடியிலேயே "புது... புதுக்..." என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை "கோட்டை!" என்று முடித்ததும் தெரியும் என்று இருவருமே நம்பிவிடுகிறோம். குறிப்புக் கொடுப்பதானால் பொருளைத் தொட்டுக் கொடுங்கள்: "வடக்கே போனார். அங்கே ஒரு சமஸ்தானம், ராஜா கம்பெனிக்காரங்களுக்கு வேண்டியவர்." அப்போதும் வரவில்லையா? "புதுக்கோட்டைத் தொண்டைமான்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தாறு கேள்விகள் தாண்டி அதையே மறுபடி கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, மறுநாள் மாலை ஒருமுறை. சொன்ன உடனேயே திருப்பிக் கேட்டால் பிள்ளை எதிரொலியாகத்தான் சொல்லும். நடுவே கொஞ்சம் மறக்கவிட்டுக் கேட்டால்தான் மறுபடி தேட வேண்டிவரும்.

ஆண்டுகள்தான் அதிகம் அழவைப்பவை. 1799, 1801, 1806 என்று தனித்தனியாகக் கேட்டால் அவை வெறும் எண்கள். "பிறகு?" என்று கேட்டுப் பாருங்கள். 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பிறகு? தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் போட்டார்கள். பிறகு? 1801இல் அவர் தப்பித்து வந்து கோட்டையைத் திரும்பக் கட்டினார். அதுவும் விழுந்ததும் மருது சகோதரர்களிடம் போனார். அதே ஆண்டு மருதுவும் தூக்கில். கதை பிடிபட்டுவிட்டால் 1799க்குப் பின்னால்தான் 1801 வரமுடியும் என்பது பிள்ளைக்குத் தானே தெரியும். 1806 வேலூர் மட்டும் இந்தச் சங்கிலியில் நேராகச் சேராது. அங்கே எழுந்தது கம்பெனியின் சொந்தச் சிப்பாய்கள். உரசல் புதிய தலைப்பாகையிலும் உடை விதிகளிலும் தொடங்கியது. அதைத் தனியாகக் கேட்பதே நல்லது.

பதில் சொல்லுமுன் "உறுதியா, ஊகமா?" என்று பிள்ளையையே சொல்லவிடலாம். ஊகம் என்று சொல்லிவிட்டால் தப்பினாலும் முகம் வாடுவதில்லை. உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. உறுதியாகச் சொல்லித் தவறுகிற இடம்தான் கவனிக்கவேண்டியது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட இடம் திருப்பத்தூர் என்று சரியாகச் சொல்லும் பிள்ளையிடம் வரைபடத்தை நீட்டிப் பாருங்கள். பலரும் வேலூருக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பார்கள். அது வேறு திருப்பத்தூர். மருதுவின் திருப்பத்தூர் சிவகங்கைச் சீமையில், காளையார்கோவில் இருக்கிற அதே மாவட்டத்தில் இருக்கிறது. வாயால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற வெறும் மேப் தாள் ஒன்றிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் கேட்கவேண்டாம். தம்பி தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எழுப்பி அனுப்பிவிடுங்கள். அக்காவுக்கு வராத பதிலைக் கடைக்குட்டி உரக்கச் சொல்லிவிட்டால் அன்றைய படிப்பு அதோடு போச்சு. நடுநடுவே புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்து உங்களைக் கேட்கச் சொல்லலாம். அப்பாவுக்கு 1764 என்ன என்று தெரியாமல் போவதில் பிள்ளைகளுக்குத் தனிச் சந்தோஷம். கேள்வி போடுவதற்காக அது பாடத்தை இன்னொருமுறை படித்தும்விடும். (பக்சார் போர்.)

இந்த முறை எல்லா நாளும் செல்லாது. ரஃப் தாளில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லையென்றால் பிள்ளை பாடத்தை இன்னும் படிக்கவில்லை, அல்லது படித்தது புரியவில்லை என்று பொருள். அப்போது கேள்வியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிப் பேசுங்கள். கேட்பதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். கண் கலங்கினாலும், எல்லாக் கேள்விக்கும் "தெரியலை, தெரியலை" என்று ஒரே பதில் வந்தாலும் அன்று நிறுத்துவதே சரி.

தேர்வு நாள் காலையில் கேட்டே ஆகவேண்டும் என்றால், முந்தின இரவு சரியாகச் சொன்னவற்றில் மூன்று நான்கை மட்டும் கேளுங்கள். விட்டுப்போன பாடத்தை ஆட்டோவில் ஏறும்போது தொடங்கவேண்டாம்.