வெட்டிய நம்பர் எங்கே போகிறது?

போன மாதம் அத்தான் தன் ஸ்கூட்டரை விற்கக் கிளம்பினார். 2017 மாடல், சாம்பல் நிறம், மதுரைப் பதிவு. வீட்டு வாசலில் நிறுத்தி ஆறு படம் எடுத்து, "மாப்ள, இதை ஏதாவது ஆப்ல போட்டு விடு. நம்பரையெல்லாம் வெட்டிட்டேன்" என்று அனுப்பியிருந்தார்.

வெட்டித்தான் இருந்தார். பின்பக்கப் படத்தில் நம்பர் பிளேட்டோடு டெயில் லேம்ப்பும் மட்கார்டும் சேர்ந்து போயிருந்தன. முன்பக்கப் படத்தில் பிளேட் இல்லை. ஆனால் வண்டிக்குப் பின்னால் கேட் தூணில் கதவு எண் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மீட்டர் பெட்டியின் மேல் பெயிண்டில் எழுதிய கரண்ட் சர்வீஸ் நம்பர். ஐந்தாவது படம் வெட்டவே படாத ஒரிஜினல். வெட்டிய படத்தைப் போன் தனிப் பிரதியாகச் சேமித்து, பழையதற்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறது. கேலரியில் இரண்டும் கட்டைவிரல் அளவில்தான் தெரியும். அவசரத்தில் கை பழையதைத் தொட்டிருக்கிறது.

"ரோட்டுல போற எல்லாரும் பார்க்கிற நம்பர்தானே?" என்றார் அத்தான். ரோட்டில் நம்பர் மட்டும்தான் தெரியும். விளம்பரத்திலோ மாடல், நிறம், வருடம், ஏரியா, போன் நம்பர், ஆறு கோணத்தில் படம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அந்தக் கட்டோடு பதிவு எண்ணும் சேர்ந்தால் அது இரண்டு விதமான ஆட்களுக்குப் பயன்படும்.

முதல் ஆள் உங்கள் படங்களை எடுத்துத் தன் பெயரில் விளம்பரம் போடுபவன். 'ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றல், அதனால் விலை குறைவு' என்று தொடங்கி அட்வான்ஸ் கேட்கும் கதை பலருக்கும் தெரிந்ததுதான். வாங்க வருபவர் சந்தேகப்பட்டு, படத்தில் உள்ள நம்பரை மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்க்கிறார். வண்டியின் மாடல், பதிவான தேதி, ஆர்.டி.ஓ. அலுவலகம், இன்சூரன்ஸ் முடியும் நாள் எல்லாம் வரும். உரிமையாளர் பெயர் முழுதாக வராது, இடையிடையே நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருக்கும். எல்லாம் பொருந்துகிறது, பெயர் மட்டும் சரியாகத் தெரியவில்லை! பொய் விளம்பரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இரண்டாவது ஆள் திருட்டு வண்டி வைத்திருப்பவன். அதே மாடல், அதே நிறத்தில் ஒழுங்கான வண்டி ஒன்றின் நம்பர் அவனுக்குத் தேவை. அதைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு சிக்னலைத் தாண்டினால், கேமரா எடுத்த படத்தோடு அபராதச் செய்தி உங்கள் போனுக்கு வரும். அந்த நேரத்தில் உங்கள் வண்டி வீட்டில்தான் நின்றது என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

சரி, வெட்டியே ஆக வேண்டும். ஆனால் வெட்டியதாகத் திரையில் தெரிவது வேறு, கோப்பிலிருந்து போவது வேறு. 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர் இதை வெளியே கொண்டுவந்தார்கள். கூகுளின் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டுவதற்கென்றே ஒரு கருவி உண்டு. அது வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியது. ஆனால் மிச்சத்தைத் துடைக்கவில்லை. பழைய கேசட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் பாட்டின் மேல் இருபது நிமிடம் புதிதாகப் பதிந்தால், இருபத்தோராவது நிமிடத்திலிருந்து பழைய பாட்டு ஓடும். அப்படித்தான் வெட்டிய பகுதியில் பெரும்பாலானதை அவர்களால் மீட்க முடிந்தது. சில நாட்களில் விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும் இதே கோளாறு இருப்பது தெரிந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்பு வெட்டி அனுப்பிய கோப்புகள் யார் யாரிடம் இருக்கின்றனவோ, அங்கே அப்படியே இருக்கின்றன.

வீடு விற்பவர்களிடம் இன்று நடப்பது வேறொன்று. புரோக்கர் வீட்டுப் படங்களை வேர்டு கோப்பிலோ பவர்பாயின்ட்டிலோ போட்டு, கதவு எண் தெரியும் ஓரத்தை அங்கேயே வெட்டி, கோப்பை அனுப்பிவைப்பார். அந்த மென்பொருள்களில் வெட்டுவது என்றால் திரை போட்டு மறைப்பதுதான். படத்தைத் தொட்டு Reset Picture & Size கொடுத்தால் கதவு எண் திரும்ப வந்து நிற்கும். Compress Pictures என்ற இடத்துக்குப் போய் Delete cropped areas of pictures என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஓரம் உண்மையாகவே போகும். அதைவிட, வெட்டிய படத்தை உள்ளே ஒட்டுவது சுலபம்.

வெட்டாமல் மங்கலாக்கினால் போதாதா என்று கேட்பார்கள். நம்பர் பிளேட்டுக்கு அது சரிப்படாது. அதன் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. மதுரை வடக்கு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால் 'TN 59' என்பது வெளிப்படை. கடைசி நான்கு இலக்கத்துக்கு 9,999 வாய்ப்புதான். ஒவ்வொன்றையும் அதே மாதிரிக் கட்டம் கட்டமாக மங்கலாக்கி, உங்கள் படத்தோடு ஒப்பிட்டுக் கழித்துக்கொண்டே வருவது கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலையில்லை. போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கறுப்புப் பூசுவது இன்னும் மோசம். அந்த மை பாதி ஊடுருவும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து மேலே வந்துவிடும்.

அத்தானிடம் படங்களைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். பக்கவாட்டுப் படங்களில் பிரச்சினையே இல்லை, பிளேட் அதில் தெரியாது. பின்பக்கத்துக்கு வெட்டுவதைவிடப் படம் எடுக்கும்போதே மறைப்பது மேல். வாங்குபவர் டெயில் லேம்ப்பையும் பார்க்க வேண்டும் அல்லவா. இருசக்கர வாகனத்தின் பின் பிளேட் 200 மில்லிமீட்டருக்கு 100. ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் சரியாக மூடும். அத்தான் பழைய காலண்டர் அட்டையைச் செருகினார், முருகர் படம் வெளியே தெரிய. படம் எடுத்ததும் அட்டையைக் கழற்றிவிட வேண்டும், மறைத்த பிளேட்டோடு ரோட்டில் போனால் அபராதம். (கார் என்றால் முன்கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு தரும் ஸ்டிக்கரில் அதே பதிவு எண் பொடி எழுத்தில் இருக்கும்.)

வண்டியைக் கேட்டை விட்டுத் தள்ளி, வேப்பமரத்தடியில் வெறும் சுவரைப் பார்த்து நிறுத்தினோம். கதவு எண்ணும் சர்வீஸ் நம்பரும் போயின. இருந்தும் படத்துக்குள் வீட்டின் இருப்பிடம் இருக்கலாம். கேமராவில் லொக்கேஷன் போட்டிருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கோப்பில் எழுதப்படும். வெட்டினாலும் பல ஆப்கள் அதை விட்டுவைக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். தெளிவு குறையக் கூடாதென்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். அத்தான் அனுப்பியதெல்லாம் டாக்குமென்ட்தான்.

அதற்கு நான் செய்தது எளிய வேலை. ஒவ்வொரு படத்தையும் வேண்டிய அளவுக்கு வெட்டி, திரை முழுக்க விரித்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அது புதுக் கோப்பு. கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் அதில் இருக்கும், எடுத்த இடம் இருக்காது. தெளிவு கொஞ்சம் குறையும், விளம்பரத்துக்கு அது போதும். ஆறையும் தனி ஆல்பத்தில் வைத்து, அதிலிருந்து மட்டும் ஏற்றினேன். பிறகு அக்காவின் போனில் விளம்பரத்தைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் விரலால் விரித்து மூலை மூலையாகப் பார்த்தோம். இரண்டாவது படத்தில் வலப்பக்கக் கண்ணாடிக்குள் எதிர்வீட்டு நம்பர் இடவலம் மாறித் தெரிந்தது. அதை மட்டும் மாற்றினோம்.

மறுநாள் காலை ஒருவர் கூப்பிட்டார். நேரில் பார்க்க வருகிறேன் என்றதும் அத்தான் முழு நம்பரையும் சொன்னார். பேச்சு இரண்டு நிமிடம் நின்றது; அந்தப் பக்கம் ஆப்பில் தட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. "அண்ணே, இன்சூரன்ஸ் அடுத்த மாசம் முடியுதே. ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க."

அத்தான் ஆயிரத்துக்கு இறங்கினார்.