மலை உச்சியில் ஒரு குழாய், அடிவாரத்தில் இன்னொன்று

1648-ஆம் ஆண்டு செப்டம்பர் 19. பிரான்சின் கிளெர்மோன் நகரில் ஃப்ளோரின் பெரியே என்பவர் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் பாதரசத்தை நிரப்பி, பாதரசம் ஊற்றிய கிண்ணத்தில் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தினார். இரண்டிலும் பாதரசம் சுமார் 71 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. ஒரு குழாயை மடாலயத் தோட்டத்தில் விட்டுவிட்டு, அதையே நாள் முழுக்கக் கவனிக்கும்படி அங்கிருந்த துறவி ஒருவரிடம் சொன்னார். இன்னொரு குழாயை எடுத்துக்கொண்டு, ஊரருகே உள்ள பூய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். உச்சியில் பாதரசம் சுமார் 63 சென்டிமீட்டரில்தான் நின்றது. காற்று வீசும் இடத்தில் வைத்தும், மறைவில் வைத்தும், மூடுபனியில் வைத்தும் திரும்பத் திரும்ப அளந்தார். அளவு மாறவில்லை.

இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னவர் பெரியேயின் மைத்துனர் பிளேஸ் பாஸ்கல். குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துவது வெளிக்காற்றின் எடைதான் என்று இத்தாலியின் டாரிசெல்லி 1644-ல் எழுதியிருந்தார். அது உண்மையானால், மேலே போகப் போக நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறையும், பாதரசமும் இறங்கியாக வேண்டும். இறங்கியது.

பாடப்புத்தகங்கள் மலையேறிய குழாயோடு கதையை முடித்துவிடும். ஆனால் இந்தச் சோதனைக்கு வலுவைத் தந்தது கீழே நின்ற குழாய். அன்று வானிலை நிலையாக இல்லை. வெயிலும் மழையும் பனியும் மாறி மாறி வந்தன. அவற்றால்தான் பாதரசம் இறங்கியது என்று யாரும் சொல்லியிருக்கலாம். துறவி பார்த்துக்கொண்டிருந்த குழாயில் நாள் முழுக்க மாற்றமே இல்லை. ஆகவே மேலே கண்ட எட்டு சென்டிமீட்டர் இறக்கத்துக்கு உயரம் மட்டுமே காரணம்.

காற்றழுத்தமானியைப் பயன்படுத்தும் எவரும் மறக்கக் கூடாத பாடம் இது. அந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தனக்கு மேலே இருக்கும் காற்றின் எடை. அந்த எடை குறைந்தது நாம் மலையேறியதாலா, வானிலை மாறியதாலா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிப்பது நம் வேலை.

முதலில், அழுத்தம் எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள காற்று நிற்கிறது. வானிலைத் துறையினர் இதை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். உலக சராசரி 1013. ஒருவர் மேலே ஏறினால், ஏறிய தூரத்தில் இருந்த காற்று அவருக்குக் கீழே போய்விடும், அதன் எடை கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

இந்தக் கழிவு எல்லா உயரத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பஞ்சுப் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கி இறுகும், மேலே இருப்பது உப்பலாக நிற்கும். காற்றும் அப்படித்தான். கடலோரத்தில் காற்று இறுகியிருப்பதால் எட்டு, ஒன்பது மீட்டர் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். ஊட்டி உயரத்தில் அதே அளவு குறைய சுமார் 11 மீட்டர் ஏற வேண்டும். ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் பாதியாகிவிடும். அங்கே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய 15 மீட்டர் வரை ஏற வேண்டியிருக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இன்று பல செல்போன்களுக்குள் சின்னஞ்சிறு காற்றழுத்த உணரி இருக்கிறது. காற்று அழுத்தும்போது வளையும் மெல்லிய சிலிக்கான் சவ்வுதான் அது. அழுத்தத்தைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாடி ஏறினால், எண் சுமார் 0.35 குறையும். கீழே இறங்கினால் திரும்ப ஏறும். விலை குறைந்த பல போன்களில் இந்த உணரி இருக்காது. அவற்றில் தெரியும் உயரம் செயற்கைக்கோளைக் கொண்டு கணித்தது.

இனி மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போவதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். ஏற்றம் 1,877 மீட்டர். அன்று கீழே வெப்பம் 30 டிகிரி, மேலே 18 டிகிரி, கடல் மட்ட அழுத்தம் 1010 என்று கொள்வோம். அப்படியானால் மேட்டுப்பாளையத்தில் போன் ஏறக்குறைய 974 காட்டும், ஊட்டியில் 785.

இந்த இரண்டு எண்களையும் செயலிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரத்தில் போடுகிறோம்:

```
h = 44330 × (1 − (p / 1013.25)^0.1903)
```

மேட்டுப்பாளையத்துக்கு 332 மீட்டர் என்று விடை வருகிறது, கிட்டத்தட்ட சரி. ஊட்டிக்கோ 2,102 மீட்டர்தான் வருகிறது. உண்மையான உயரத்துக்கு நூறு மீட்டர் குறைவு. போன் பழுதா? இல்லை. அந்தச் சூத்திரம் ஒரு கற்பனையான 'சராசரி' வளிமண்டலத்துக்கு எழுதப்பட்டது. கடல் மட்டத்தில் 15 டிகிரி, மேலே போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி குறையும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதன்படி மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவில் உள்ள காற்று 7 டிகிரியில் இருக்க வேண்டும். நம் காற்றோ சராசரியாக 24 டிகிரி. சூடான காற்று விரிந்து நிற்கும் என்பதால், அதே எடையுள்ள காற்றைக் கடக்க அதிக உயரம் ஏற வேண்டும். சூத்திரத்துக்கு இது தெரியாது.

திருத்துவது எளிது. காற்று, சூத்திரம் நினைப்பதைவிட 17 டிகிரி சூடு. மூன்று டிகிரிக்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் விடையை ஏறக்குறைய 6 சதவீதம் கூட்ட வேண்டும். சூத்திரம் சொன்ன ஏற்றம் 2,102-க்கும் 332-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 1,770 மீட்டர். 6 சதவீதம் கூட்டினால் 1,876. உண்மையான ஏற்றத்துக்கு ஒரு மீட்டர்தான் குறைவு. நாம் வைத்துக்கொண்ட எண்கள் முழு எண்களாக இருப்பதால் விடை இவ்வளவு நெருங்கி வருகிறது. நிஜப் பயணத்தில் பத்து, இருபது மீட்டர் முன்பின் இருக்கும்.

கீழே, மேலே என்று இரண்டு அளவுகளை எடுத்து வித்தியாசத்தைப் பார்த்ததால்தான் இது முடிந்தது. தனி ஒரு எண்ணை நம்பினால் மாட்டிக்கொள்வோம். விமானிகளுக்கு இது உயிர் காக்கும் விஷயம். ஓடுதளத்தை நெருங்கும்போது அங்குள்ள கட்டுப்பாட்டு அறை அந்த நேரத்துக்கான கடல் மட்ட அழுத்தத்தைச் சொல்லும், க்யூ.என்.ஹெச். என்பது அதன் பெயர். விமானி அதைத் தன் உயரமானியில் வைத்த பிறகுதான் அது ஓடுதளத்தின் உயரத்தைச் சரியாகக் காட்டும். பத்து ஹெக்டோபாஸ்கல் தவறினால் 80 மீட்டருக்கு மேல் பிசகும். கிளெர்மோன் துறவியின் குழாய் செய்த வேலையை இன்று விமான நிலையத்தின் காற்றழுத்தமானி செய்கிறது.

வானிலை பார்ப்பவர்களுக்குப் பிரச்சினை தலைகீழானது. அவர்கள் உயரத்தைக் கழித்தாக வேண்டும். ஊட்டியில் வெயிலடிக்கும் நாளிலும் அழுத்தம் 785-தான். 1999-ல் ஒடிஷாவைச் சூறையாடிய பெரும் புயலின் மையத்தில் அழுத்தம் 912 என்று மதிப்பிடப்பட்டது. அளந்ததை அப்படியே வரைபடத்தில் போட்டால் நீலகிரியில் நிரந்தரமாக ஒரு மாபெரும் புயல் நிற்பதுபோல் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு நிலையத்தின் அளவையும் கடல் மட்டத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுகிறார்கள்.

அப்படி மாற்றிய பிறகும் மிஞ்சும் வித்தியாசங்கள்தான் வானிலையின் தடயங்கள். ஓரிடத்தில் அழுத்தம் குறைந்தால் சுற்றிலும் உள்ள காற்று அங்கே வந்து சேர்கிறது. வந்த காற்று மேலே எழுந்து குளிர்கிறது, அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. குறைந்த அழுத்தம் மழையோடு சேர்த்துப் பேசப்படுவது இதனால்தான்.

ஆனால் நம் ஊரில் இதைக் கவனிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் தானாகவே இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணிக்குத் தாழ்வு. இரவு பத்துக்கு மீண்டும் உச்சம், விடியற்காலை நான்குக்கு மீண்டும் தாழ்வு. சூரிய வெப்பம் வளிமண்டலம் முழுவதிலும் எழுப்பும் அலை இது. சென்னையில் காலை பத்திலிருந்து மாலை நான்குக்குள் மூன்று ஹெக்டோபாஸ்கல் குறைவது சாதாரணம். இங்கிலாந்தில் ஆறு மணி நேரத்தில் இவ்வளவு குறைந்தால் வானிலை மாறப்போகிறது என்று கொள்வார்கள். இங்கே அதற்கு அர்த்தம் மாலையாகிவிட்டது என்பது மட்டுமே. 'மழை', 'மாற்றம்', 'தெளிவு' என்று முகப்பில் எழுதிய மேல்நாட்டுக் காற்றழுத்தமானிகள் நம் வீட்டுச் சுவரில் பொய் சொல்வதும் இதனால்தான். கையில் இருப்பது உயரமானி என்றால், அசையாமல் மேசையில் கிடந்தபடியே மாலைக்குள் 25 மீட்டர் 'ஏறியிருக்கும்'.

இதற்கும் மருந்து ஒப்பீடுதான். இன்று காலை பத்து மணி அளவை நேற்றுக் காலை பத்து மணி அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே இடம், ஒரே மாடி, ஒரே போன். இப்படிப் பார்த்தால் தினசரி அலை கழிந்துவிடும். உணரியில் எப்போதும் இருக்கும் சிறு பிசகும் கழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நேற்றைவிட மூன்று, நான்கு குறைந்திருந்தால், வங்கக் கடலில் ஏதோ உருவாகி நெருங்குகிறது என்று சந்தேகிக்கலாம். விடிந்ததிலிருந்து பத்து மணி வரை ஏறியிருக்க வேண்டிய அழுத்தம் ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் அது இன்னும் அழுத்தமான அறிகுறி. புயல் அருகில் வரும்போது மணிக்கு மணி வேகமாகச் சரியும். மையம் கடந்ததும் அதே வேகத்தில் ஏறும்.

இந்தக் கருவியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சித்திரை மாதத்து இடிமழையை அது முன்கூட்டிச் சொல்லாது. சில கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த மேகம் சுற்று வட்டார அழுத்தத்தை அதிகம் மாற்றுவதில்லை. மழைக்குச் சற்று முன் மேகத்திலிருந்து குளிர்ந்த, கனத்த காற்று தரையில் வந்து விழும்போது அழுத்தம் திடீரென ஒன்றிரண்டு ஏறவும் செய்யும். எவ்வளவு மழை பெய்யும் என்பதும் அதற்குத் தெரியாது. 2015 டிசம்பர் முதல் தேதி சென்னையை மூழ்கடித்த மழையைக் கொண்டுவந்தது புயல் அல்ல. அழுத்தம் பெரிதாகச் சரியாமலே, ஈரமான கடல்காற்று தொடர்ந்து வந்து கொட்டித் தீர்த்தது.

ஆகவே எச்சரிக்கைக்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையே நம்ப வேண்டும். பல ஊர்களின் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். நம் கையில் இருப்பது ஒரே ஒரு இடம். ஆனாலும் தினமும் காலை பத்து மணிக்கு அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடைமழைக் காலத்தில் 'காற்றழுத்தத் தாழ்வு' என்று செய்தியில் கேட்பதை நாமே அளந்து பார்க்கலாம். நேற்றைய எண் பக்கத்தில் இருந்தால்தான் இன்றைய எண்ணுக்குப் பொருள் உண்டு.